"ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுறோம்



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவிட்டு உட்கார்ந்தப்போ பேசினதை எழுதுறோம். அன்னதானக் குழுவுல நாங்க நாலு பேர். அஞ்சாவது ஆள்தான் இந்தக் கதைக்குச் சொந்தக்காரர். பேர் போட வேண்டாம்னு சொன்னார். எழுதுங்கன்னு சொன்னதும் அவர்தான்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. சாம்பார் அண்டாவை இறக்கி வச்சிட்டு, துண்டால கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "அண்ணே, கிட்னி ரெண்டும் போயிடுச்சாம். 10 விழுக்காடு கூட வேலை செய்யலையாம். டயாலிசிஸ் பண்ணணுமாம்." இனிப்பு நீர் அவருக்கு 15 வருஷமா இருக்கு. அது இவ்வளவு தூரம் போகும்னு நாங்க நினைக்கல.

அன்னைக்கு நாங்க நாலு பேரும் என்ன சொன்னோம் தெரியுமா? ஒருத்தர், "ஐயோ, என் மச்சானுக்கும் இதான், ரெண்டு வருஷம்தான் இருந்தார்"னார். இன்னொருத்தர், "முருகன் இருக்கான், ஒண்ணும் ஆகாது"ன்னு முதுகுல தட்டினார். மூணாவது ஆள் போனை எடுத்து, ஏதோ ஒரு இலைச்சாறு குடிச்சா கிட்னி திரும்பிடும்னு வந்த செய்தியை அங்கேயே அனுப்பி வச்சார். நாலாவது ஆள், அதாவது இதை டைப் பண்ற கை, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு மோட்டார் சாவியைத் தேடுச்சு.

எல்லாமே அன்புலதான் சொன்னோம். ஆனா அந்த நாலு பேச்சும் அவருக்காகப் பேசினது இல்ல. எங்க பயம் அடங்கறதுக்குப் பேசினது. அது பிறகுதான் புரிஞ்சது.

அந்த இலைச்சாறுதான் பெரிய தப்பு. கையில ஃபிஸ்துலா வைக்க டாக்டர் தேதி கொடுத்திருந்தார். ஃபிஸ்துலான்னா, கையில இருக்கிற ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன். அந்த இடம் பெருத்து உறுதியாக வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். அதனாலதான் டயாலிசிஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே வைக்கச் சொல்றாங்க. நம்ம நண்பர் அந்தத் தேதிக்குப் போகல. சாறு குடிச்சுப் பார்ப்போம்னு இருந்துட்டார். மூணு மாசத்துல ஒரு ராத்திரி படுக்க முடியல, மூச்சு வாங்குது, கால் ரெண்டும் வீங்கிடுச்சு. உடம்புல தேங்கின தண்ணி நுரையீரலுக்குப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில அவசரமா கழுத்து ரத்தக்குழாயில டியூப் போட்டு டயாலிசிஸ் பண்ணினாங்க. வார்டுக்கு வெளியே நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாம நின்னோம்.

அப்போ அவர் மனைவி, எங்களுக்குத் தங்கச்சி மாதிரி, கோபப்படாம ஒண்ணு சொன்னாங்க: "அண்ணே, எல்லாரும் வந்து மருந்து சொல்றீங்க. இவர் என்ன பயப்படுறார்னு ஒருத்தரும் கேக்கல."

மறுநாள் கேட்டோம். சாவைப் பத்தி அவர் பேசவே இல்ல. வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணும், வேலை போயிடுமோ, செலவை யார் கட்டுறது, இதான் பயம். இதுல எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருந்துச்சு. சொக்சோ சந்தா கட்டினவங்களுக்குத் தகுதி இருந்தா டயாலிசிஸ் செலவுக்கு அங்க விண்ணப்பிக்கலாம். தொழிற்சாலையில ஆளுங்களுக்கு அந்த பாரம் நிரப்பிக் கொடுத்துப் பழக்கம்தான். அவர் கம்பெனி எச்.ஆர்.கிட்ட எந்தக் கடிதம் கேக்கணும், டாக்டர் எந்தப் பக்கம் எழுதணும்னு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். கேட்டதனாலதான் அது வெளிய வந்துச்சு. கேக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு இலை சொல்லியிருப்போம்.

அடுத்தது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க". இதை நம்பி யாரும் போன் பண்ண மாட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு மானம் பெருசு. அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி, காலை 7 மணிக்கு இடம் கிடைச்சது. போறப்போ மகன் வேலைக்குப் போற வழியில விட்டுடுவான். திரும்பறதுதான் கஷ்டம். ஊசி எடுத்த இடத்தை ரத்தம் நிக்கிற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுட்டு எழுந்தா, சில நாள் பிரஷர் இறங்கித் தலை சுத்தும். அந்த நிலையில வண்டி ஓட்ட முடியாது. நாங்க கேக்கல, சொன்னோம்: "சனிக்கிழமை 11.30க்கு வாசல்ல கார் நிக்கும்." சனி மட்டும்தான். செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு ஷிப்ட். முடியாததை ஏத்துக்கிட்டு ஒரு நாள் வராமப் போனா, அவர் வாசல்ல தலை சுத்தி நிப்பார். அந்த ரெண்டு நாளுக்கு பக்கத்து வீட்டு கிராப் தம்பிகிட்ட பேசி வச்சோம்.

கார்ல அவர் தூங்குவார். நாங்க பாட்டு கூட போடுறதில்ல.

இன்னொரு தப்பையும் சொல்லிடுறோம். டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்போ கோவில்ல இருந்து பிரசாதம் கொண்டு போனோம். வாழைப்பழம், பஞ்சாமிர்தம், ரெண்டு இளநீர். அவர் கும்பிட்டு வாங்கி வச்சுக்கிட்டார். டயாலிசிஸ் பண்றவங்களுக்கு இந்த மூணுலயுமே ஆபத்து இருக்கு. வாழைப்பழம், பேரீச்சம்பழம், இளநீர் எல்லாத்துலயும் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன கிட்னி அதை வெளியேத்தாது, ரத்தத்துல ஏறினா இதயத் துடிப்பையே பாதிக்கும். தண்ணியும் டாக்டர் சொன்ன அளவுதான். ஸ்டார் ஃப்ரூட் இருக்கே, அது அவங்களுக்கு விஷம் மாதிரி, தொடவே கூடாது. சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாய் வரல. இப்போ போனா விபூதியும் பூவும் மட்டும் கொண்டு போறோம். சாப்பாடு கொண்டு போகணும்னா முதல்ல தங்கச்சிகிட்ட கேட்டுக்கிறோம்.

கடைசியா, அவரை ரொம்ப நோகடிச்சது இதுதான். திரும்பக் கோவிலுக்கு வந்த முதல் வெள்ளி, கரண்டியைத் தொடப் போனார். "நீங்க உட்காருங்க, உங்களுக்கு முடியாது"ன்னு நாற்காலி போட்டோம். நோயாளிக்கு மரியாதை பண்றோம்னு நினைச்சோம். அவர் பூஜைக்கு முன்னாடியே எழுந்து போயிட்டார். ரெண்டு வாரம் வரல.

ஃபிஸ்துலா வச்ச கையில பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையில பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமா கயிறு, கடிகாரம் கட்டக் கூடாது. அண்டா தூக்க முடியாதுதான். ஆனா எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எப்போ அடுப்பைக் குறைக்கணும்னு அவருக்குத் தெரியற மாதிரி எங்க நாலு பேருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கேட்டோம், "இந்த வெள்ளி 200 பேர், சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடட்டும்?" நக்கலா சிரிச்சார். "நீங்க போட்டா ரசம்தான் வரும்"னு சொல்லிட்டு, வெள்ளிக்கிழமை வந்துட்டார். இப்போ ஸ்டோர் சாவி அவர்கிட்டதான். வலது கையில சாவி, வாயில அதிகாரம். எங்களை ஆட்டி வைக்கிறார்.

இதைப் படிக்கிற அன்பர்கள் யாராவது அடுத்த வாரம் இப்படி ஒரு செய்தி கேப்பீங்க. உடனே பதில் வரலன்னா பரவால்ல. "கேக்கவே கஷ்டமா இருக்கு. டாக்டர் என்ன சொன்னார்?"ன்னு கேட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. நாங்க அன்னைக்கு அதைச் செஞ்சிருந்தா, அவர் கழுத்துல அந்தத் தழும்பு இருந்திருக்காது.

வரும் வெள்ளி அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் தேவை, மாலை 4 மணிக்கு வந்துடுங்க. வேலை கொடுக்கிறது அவர்தான்.

ஓம் முருகா.