37 ஆசிரியர்களும் அவர்களது மாணவர்களும்

1976இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு கல்வியியல் நூல் ஆய்வாளர் வட்டத்தைத் தாண்டி நாளிதழ்களிலும் பெரிதும் விவாதிக்கப்பட்டது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவில் பென்னட் எழுதியது அது. 37 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் வகுப்புகளை ஆராய்ந்த அவர், மரபான கட்டுப்பாட்டு முறையில் பயின்ற குழந்தைகளே பொதுவாக அதிகம் முன்னேறினர் என்று கண்டார். குழந்தையின் போக்கில் விட்டுக் கற்பித்த ஆசிரியர்களுக்கு அது பேரிடியாக இருந்தது.

பென்னட்டின் தரவுகளில் பிழையில்லை. எண்ணிய அலகில்தான் சிக்கல். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனிச் சான்று என்று கொண்டே ரெக்ரெஷன் கணக்கு செய்யப்பட்டது. ஆனால் கற்பித்தல் முறை ஆசிரியருக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று. ஒரே வகுப்பில் இருப்போர் ஒரே ஆசிரியரின் திறமையையும் சோர்வையும் சேர்ந்தே பெறுகின்றனர். அவர்களில் இருபதாவது குழந்தை, அந்த ஆசிரியரைப் பற்றிப் புதிதாகச் சொல்வது மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைக் கணக்கிடலாம். எளிமைக்காக வகுப்புக்கு 26 பேர் என்றும், மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்புகளுக்கு இடையிலானது என்றும் கொள்வோம். அப்போது பரவற்படி பெருகும் அளவு:

1 + (26 − 1) × 0.2 = 6

37 வகுப்புகளின் 962 குழந்தைகள், ஆசிரியரைப் பற்றிய கேள்விக்கு ஏறத்தாழ 160 பேருக்கே சமம். திட்டப்பிழையோ ஆறின் வர்க்கமூலமாகிய 2.45 மடங்கு பெரிது. சாதாரண ரெக்ரெஷன் 3 என்று பெருமையுடன் காட்டும் t மதிப்பு 1.2 ஆகச் சுருங்கிவிடும். மதிப்பீடு பெரிதாக மாறுவதில்லை. அதன்மேல் கொண்ட உறுதிதான் கரைகிறது.

வகுப்புச் சராசரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சிக்கல் தீரும், ஆனால் ஒரே வகுப்புக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு மறைந்துபோகும். பலநிலை மாதிரி இரண்டையும் விடாது பிடித்துக்கொள்கிறது. R மென்பொருளில் அது ஒரே வரி:

```
lmer(score ~ prior + style + (1 | class))
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் உறுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் அதற்கே உரிய ஏற்ற இறக்கத்தை அளிக்கிறது. முதலில் prior, style இரண்டையும் நீக்கி இதை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். வகுப்பின் பங்கு எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பங்கு சிறிதென்று அலட்சியம் கூடாது. வகுப்பு பெரிதாக இருந்தால் 0.05கூடப் போதும், முடிவைக் குலைக்க.

1981இல் அதே பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் மர்ரே எய்ட்கினும் உடன் ஆய்வாளர்களும் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். வகுப்புத் தொகுப்பைக் கணக்கில் கொண்டதும், கற்பித்தல் முறைகளுக்கிடையே கண்ட உறுதியான வேறுபாடு நிலைக்கவில்லை. ஆசிரியர்களை வகைப்படுத்திய விதத்தையும் அவர்கள் மாற்றியிருந்தனர் என்பதால், மாற்றம் முழுவதையும் தொகுப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. இரு முறைகளும் சமம் என்று அது நிறுவிவிடவும் இல்லை. அதைத் தீர்மானிக்க 37 ஆசிரியர்கள் போதமாட்டார்கள்.

அவ்வாண்டு வெளியான மறுஆய்வுக் கட்டுரை ஒன்றின் ஆசிரியர்களுள் பென்னட்டின் பெயரும் இருந்தது.