மூன்றாவது ஆர்ஏ பில்

நைனாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. அவரும் ஆறு பேரும். எண்ணூர் பக்கம் கம்பெனிகளில் மேடை, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பைப் தாங்கும் ஸ்டாண்டு என்று இரும்பில் எது வந்தாலும் செய்வார். நேரடி வேலை கிடைக்காது. பெரிய கான்ட்ராக்டர் எடுத்த வேலையில் ஒரு துண்டு இவருக்கு வரும். சப்-கான்ட்ராக்டர்.

2019-ல் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அந்த மாசப் பில்லை நான் போட வேண்டியதாகிவிட்டது. "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே, ஒரு பில்லு போடமாட்டியா?" என்றார். நானும் இதிலென்ன இருக்கிறது என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒரு ஷெட்டுக்குள் இரும்பு மேடை கட்டும் வேலை. பொருளும் கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 110 ரூபாய். வேலை முழுசாக முடியும்வரை காத்திருந்தால் இவர் மாதிரி ஆள் பட்டினிதான். அதனால் மாசாமாசம் 25-ம் தேதி வரை நடந்த வேலைக்கு ஒரு பில் கொடுக்கலாம். ரன்னிங் அக்கவுண்ட் பில், சுருக்கமாக ஆர்ஏ பில். நான் போட வேண்டியது மூன்றாவது.

பில்லில் மூன்று சமாச்சாரம். ஏற்றி நிறுத்திய இரும்பின் எடை. சைட்டில் வாங்கி அடுக்கிவைத்து இன்னும் பொருத்தாத இரும்பு. அதன் இன்வாய்ஸ் மதிப்பில் 75 சதவீதம் தருவார்கள். கடைசியில் மொத்தத்தில் 5 சதவீதம் ரிடென்ஷன் என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

போன பில்லுக்குப் பிறகு 6,000 கிலோ ஏற்றியிருந்தோம். 110 வீதம் 6,60,000. புதிதாக 3,000 கிலோ இரும்பு வாங்கியிருந்தோம், கிலோ 64 ரூபாய். அதில் 75 சதவீதம் 1,44,000. இரண்டும் சேர்த்து 8,04,000. ரிடென்ஷன் கழித்தால் 7,63,800. அழகாக எக்செல் போட்டு அனுப்பிவைத்தேன். நைனா அந்தக் கணக்கை நம்பி ஆட்களுக்கு அட்வான்ஸ் சொல்லிவிட்டார், கடையில் போன லோடுக்கும் தேதி கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பில் திரும்பி வந்தது. மேலே சிவப்புப் பேனாவில், "கியூமுலேட்டிவாகப் போடவும்."

பில்லிங் என்ஜினியர் என் வயசு ஆள். போய் உட்கார்ந்தேன். "சார், நீங்க இந்த மாசத்துக் கணக்கு போட்டிருக்கீங்க. ஆர்ஏ பில்லுல மாசம்னே ஒண்ணு கிடையாது. ஆரம்பத்துலேர்ந்து இன்னிவரைக்கும் மொத்தம் எவ்ளோ, அதுல இதுவரை கொடுத்தது எவ்ளோ, மிச்சம் எவ்ளோ. அவ்ளோதான்."

அப்படிப் போட்டுப் பார்த்தோம். இதுவரை ஏற்றியது 16,000 கிலோ, 17,60,000 ரூபாய். இன்று சைட்டில் பொருத்தாமல் கிடப்பது 5,000 கிலோ (வெட்டுத்துண்டு, கழிவுக் கணக்கை இங்கே விட்டுவிடுகிறேன்). அதன் 75 சதவீதம் 2,40,000. மொத்தம் சரியாக 20 லட்சம். ரிடென்ஷன் ஒரு லட்சம் போக 19 லட்சம். போன பில்வரை ஏற்றியது 10,000 கிலோவுக்கு 11,00,000, அப்போது கிடந்த 8,000 கிலோவுக்கு 3,84,000. ரிடென்ஷன் போகக் கொடுத்தது 14,09,800. ஆக இந்த பில்லுக்கு 4,90,200. டிடிஎஸ், ஜிஎஸ்டி எல்லாம் அதற்கப்புறம்.

என் கணக்கைவிட 2,73,600 ரூபாய் குறைவு. எங்கே போனது?

எங்கும் போகவில்லை. இந்த மாசம் ஏற்றிய 6,000 கிலோவும் போன மாசம் தரையில் கிடந்த இரும்புதான். அதற்கு 75 சதவீதம் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். மேலே ஏறியதும் அதே இரும்பு 110 ரூபாய் வேலைக்குள் போய்விடுகிறது. தரையில் இருந்த கணக்கிலிருந்து அதை இறக்க வேண்டும். நான் இறக்கவில்லை. ஒரே இரும்பை இரண்டு முறை விற்றிருக்கிறேன். வருஷக்கணக்காக டேட்டாபேஸில் டூப்ளிகேட் என்ட்ரி தேடிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

மொத்தமாகப் போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் பில்லில் ஒரு அளவு தப்பாகியிருந்தால் மூன்றாவது பில்லில் சரியான மொத்தத்தைப் போட்டால் போதும், வித்தியாசம் தானாகவே சரியாகிவிடும். பழைய பில்லைக் கிளற வேண்டாம்.

அடுத்து பேக்கப். இரும்பை யாரும் மேடையிலிருந்து கழற்றி எடைபோட மாட்டார்கள். டேப்பில் நீளம் அளந்து, டேபிளில் உள்ள மீட்டர் எடையால் பெருக்க வேண்டும். தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. இரண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து அளந்து கையெழுத்துப் போட்டால்தான் ஜாயின்ட் மெஷர்மென்ட். தப்பானால் அழிக்கக் கூடாது; ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து.

சண்டை வந்தது முக்கோணத் தகடுகளில். 300-க்கு 300, 10 மில்லி கனம், மொத்தம் 200 தகடு. எங்கள் ஷீட்டில் சதுரமாகப் போட்டிருந்தோம், ஒன்று சுமார் 7 கிலோ. முக்கோணமாகப் போட்டால் பாதி. வித்தியாசம் ஏறக்குறைய 700 கிலோ, 77,000 ரூபாய். கோணலாக வெட்டிய தகட்டை எப்படி அளப்பது என்று ஒர்க் ஆர்டரில் ஒரு வரிகூட இல்லை. வெட்டியதில் மிச்சம் வீண்தானே என்று நான் வாதாடத் தயாராக இருந்தேன். நைனாவிடம் போனில் கேட்டேன். "ஒரு சதுரத்துல ரெண்டு முக்கோணம் வெட்னோம்டா. வீணே இல்ல. வுட்டுடு." மேலே சொன்ன 16,000 கிலோ, விட்டபிறகு வந்த எண்.

கீழே கிடக்கும் இரும்புக்கு வேறு காகிதம். இன்வாய்ஸ், எடைமேடைச் சீட்டு, மில் டெஸ்ட் சர்டிபிகேட், கேட்டில் உள்ளே வந்த சீல். சீல்தான் முக்கியம். அந்த 3,000 கிலோ லோடு 25-ம் தேதி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மத்தியானம் முழுக்க நின்றது. சாயங்காலம் கேட் சாத்துவதற்குள் சீல் விழுந்தது. மறுநாள் விழுந்திருந்தால் அடுத்த பில்லுக்குத்தான். இரும்பு நம்முடையதாக இருந்து பயனில்லை, உள்ளே இருக்க வேண்டும். இருந்தாலும், கட்டை போட்டுத் தரையில் படாமல் அடுக்கி, மூடி வைத்திருக்க வேண்டும். கடற்காற்றில் பத்தே நாளில் சிவந்துபோகும். தோல் உரியும் அளவுக்குத் துரு ஏறினால் என்ஜினியர் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்.

திருத்திய பில் போன பிறகு பணம் வர ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. எம்எஸ்எம்இ சட்டம் 2006-ன்படி, பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பொருளைக் கொடுத்த அல்லது வேலையைச் செய்துகொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு. ஒன்பதாம் நாள் சிவப்புப் பேனா. என் எக்செல்தான் கடிகாரத்தை நிறுத்தியது. அந்த மாசம் ஆட்களுக்குக் கொடுக்க அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போயின. நைனா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

வேலை 2020 தொடக்கத்தில் முடிந்தது. ரிடென்ஷனில் பாதி முடித்ததும், மீதி ஒரு வருஷம் குறை எதுவும் வராமல் இருந்தால். ஆனால் அந்த ஒரு வருஷம், முடித்ததாக அவர்கள் சர்டிபிகேட் தரும் தேதியிலிருந்துதான் ஓடும். யாரும் தானாக எழுதித் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். இப்படிக் கேட்காமல் விட்டதாக நைனாவின் பழைய டைரியில் பதினொரு வேலை இருக்கிறது. 8,000, 14,500, 22,000 என்று சின்னச் சின்னத் தொகை. "அவங்க கையில நம்ம துட்டு இருந்தா அடுத்த வேலைக்குக் கூப்டுவாங்கடா" என்பது அவர் கணக்கு. பாதிப் பேர் கூப்பிடவும் செய்தார்கள், அதனால் அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

இந்த வேலைக்கு மட்டும் நான் லீவு போட்டுப் போய், அந்த சர்டிபிகேட்டில் தேதியும் சீலும் வாங்கி வந்தேன். அதை டைரிக்குள் வைத்துவிட்டு நைனா கேட்டார், "ஜெராக்ஸ் எடுத்தியா?"