ஒரே சரக்கு, இரண்டு பில்

பம்ப் உதிரிபாகம் செய்யும் பக்கத்துத் தெருத் தம்பி ஒரு நோட்டீஸோடு வந்தார். கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் எனக்கு இது விடவில்லை!

இ-இன்வாய்ஸில் 2 லட்ச ரூபாய் விற்பனை இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-1-இல் இல்லை, 36,000 வரி எங்கே என்று ஏஎஸ்எம்டி-10-இல் கேட்டிருந்தார்கள்.

சென்னைக் கிளைக்குப் போட வேண்டிய பில்லைப் பெங்களூர்க் கிளையின் ஜிஎஸ்டி எண்ணில் போட்டிருந்தார் அவருடைய குமாஸ்தா. சரக்கு கிளம்புமுன், மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். ஆகவே புது பில் போட்டு, ரிட்டனில் தானாக ஏறியிருந்த பழையதை நீக்கிவிட்டார்கள். வரி சரியாகக் கட்டியாயிற்று. ஆனால் இ-இன்வாய்ஸ் தளத்தில் இரண்டு பில்லும் உயிரோடு இருந்தன. கிரெடிட் நோட் போட்டிருந்தால் கேள்வியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

"வரி கட்டிவிட்டேன்னு ஒரு வரி எழுதினா போதாதா சார்?" என்றார்.

"போதாது தம்பி, சரக்கு ஒரே தடவைதான் போச்சுன்னு காட்டணும்."

இரண்டு பில்லிலும் ஒரே ஆர்டர் எண். இ-வே பில் புதியதற்கு மட்டுமே எடுத்திருந்தது. பழைய பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்கவில்லை என்று வாங்கியவரிடம் கடிதம் வாங்கினோம். எல்லாவற்றையும் இணைத்து ஏஎஸ்எம்டி-11-இல் பதில் போட்டோம்.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாக ஏஎஸ்எம்டி-12 வந்தது.