வெள்ளைத் தாளோடு ஒரு மதியம்

"புத்தகத்தை மூடிப் பைக்குள்ள வைங்கப்பா. பேனா மட்டும் போதும்."

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரி. விலங்கியல் ஆய்வகத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சிறுநீரகப் பாடத்தை மூன்று நான்கு முறை படித்துவிட்டு வந்தவர்கள். பலருடைய புத்தகத்தில் வரிக்கு வரி மஞ்சள் மை. எப்படிப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் குறிப்பு எழுதித் தருவது அந்தப் பேராசிரியையின் நெடுநாள் பழக்கம். அந்தக் குறிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அவர் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார். நெஃப்ரான் எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடத்தில் நினைவிலிருந்து எழுத வேண்டும், படமும் போடலாம். முதல் இரண்டு நிமிடம் பேனாக்கள் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன.

கடைசி மேசைப் பெண்ணின் தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குளோமெருலஸில் இரத்தம் வடிகட்டப்படுவது சரியாக இருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிநீர் உண்டாகிறது என்பதும் இருந்தது. ஆனால், வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான் என்றால் மீதி எங்கே போயிற்று? அதற்குத் தாளில் 'மீள உறிஞ்சப்படுகிறது' என்று இரண்டே சொல். எந்தக் குழலில் எவ்வளவு என்பது இல்லை. ஏடிஎச் ஹார்மோன் ஹென்லே வளைவில் வேலை செய்வதாக ஓர் அம்புக்குறி. அது முக்கியமாக வேலை செய்யும் இடம் சேகரிப்புக் குழல்.

"நேத்து நாலு தடவை படிச்சேன் மேடம். எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண்.

பேராசிரியை வேலையைத் தொடங்கும் இடம் இந்தத் 'தெரிஞ்ச மாதிரி'தான். நான்காம் முறை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. தேர்வுக் கூடத்திலோ பார்க்க வரிகள் இருக்காது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவர் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஒரு பிரிவினர் ஒரு பத்தியை நான்கு அமர்வுகளிலும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஓர் அமர்வில் படித்து, மூன்று அமர்வுகளில் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கோ சுமார் 61 சதவீதம். படித்து முடித்த கையோடு தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறவர் ஏமாந்துபோவது இதனால்தான்.

அடுத்த கட்டம் சிவப்புப் பேனா. புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதையும் தவறியதையும் மட்டும் தாளில் எழுத வேண்டும், சரியாக இருப்பதைத் தொடக்கூடாது. அந்தப் பெண் இரண்டே வரி சேர்த்தாள்: வடிநீரில் உள்ள நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அண்மைச் சுருள் குழல் மீட்கிறது, ஏடிஎச் கூடினால் சேகரிப்புக் குழல் அதிக நீரை மீட்பதால் சிறுநீர் குறைகிறது. மறுநாள் படிக்க வேண்டியது இந்தச் சிவப்பு வரிகளைத்தான். பிறகு புதுத் தாள். அடுத்த தாள் நான்காம் நாள், அதற்கடுத்தது பத்தாம் நாள். இந்த நாள்கணக்கு மந்திரமில்லை, கொஞ்சம் மறந்துபோன பிறகு முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்று அவர் விளக்கினார்.

இதிலும் பிசகுகிறவர்கள் உண்டு. ஒரு பையன் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதி நிமிர்ந்தான். இன்னொருவன் திணறிய அரை நிமிடத்திலேயே பைக்குள் கையை விட்டான். "கொஞ்சம் பொறுப்பா, அந்தத் திணறல்தான் படிப்பு" என்று பேராசிரியை தடுத்தார். மனப்பாடமா, புரிதலா என்று கண்டுபிடிக்க, புத்தகத்தில் இல்லாத மாதிரி ஒரு கேள்வி போட்டார்: விபத்தில் இரத்தம் நிறையப் போனவருக்குச் சிறுநீர் ஏன் குறைகிறது? தலைப்பு எழுதிய பையன் விழித்தான்.

முதலிலேயே பாடம் புரியாதவருக்கு வெள்ளைத் தாள் உதவாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்தப் பையனைக் கரும்பலகைக்கு அழைத்து, குளோமெருலஸை வரைந்து, இரத்த அழுத்தம் விழுந்தால் வடிகட்டல் எப்படிக் குறையும் என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார்.

நான்காம் நாள் மறுபடி போனேன். கடைசி மேசைப் பெண்ணின் தாளில் அம்புக்குறி சேகரிப்புக் குழலுக்கு வந்திருந்தது. இரத்த இழப்புக் கேள்விக்கு, அழுத்தம் விழுவதையும் ஏடிஎச் கூடுவதையும் சேர்த்து எழுதியிருந்தாள். சிவப்பில் ஒரே ஒரு வரி: குளுக்கோஸ் எங்கே மீட்கப்படுகிறது என்பதை விட்டிருந்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்து, புத்தக அட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டாள்.