நான் வெட்டிப் போட்ட காட்சி

ஐயங்கார்குளத்தில் ஒரு பட்டு நெசவாளரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தேன். அந்தப் படம் பொய் சொல்கிறது. தெரியாமல் நேர்ந்த பிழை என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. எது உண்மை என்று தெரிந்தேதான் அதை வெட்டினேன். அந்தப் படத்தால் இரண்டு பேருக்கு நஷ்டம். இருவருக்கும் கூலி போனது. அவர்களில் ஒருவருக்கு அதைவிடப் பெரிய ஒன்றும் போனது. முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கலைஞனைப் பற்றிய படம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத்தான் திரைப்படக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று படங்களை எப்போதும் உதாரணம் காட்டுவேன். அவற்றைச் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியும்.

முதல் படம், பிக்காசோவை வைத்து பிரெஞ்சு இயக்குநர் க்ளூசோ எடுத்து 1956இல் வெளிவந்தது. மை மறுபக்கம் ஊறித் தெரியும் தாளில் பிக்காசோ வரைகிறார். கேமரா தாளுக்குப் பின்னால் இருக்கிறது. கை தெரிவதில்லை, கோடு மட்டும் வளர்கிறது. எண்ணெய் ஓவியத்துக்கு இந்த முறை உதவாது. அதனால் நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்து ஒட்டுகிறார்கள். அப்போது ஒரு பேச்சு வருகிறது. பார்ப்பவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் வரைந்ததாக நினைப்பார்களே என்கிறார் இயக்குநர். உண்மையில் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. அதைப் படத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு பெரிய கடற்கரை ஓவியம். பிக்காசோ அதை மாற்றுகிறார், அழிக்கிறார், மறுபடி மாற்றுகிறார். அது மோசமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதை விட்டுவிட்டு வேறொரு துணியில் தொடங்குகிறார். அந்தத் தோல்வியையும் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஸ்பெயின் நாட்டு இயக்குநர் விக்டர் எரிசே எடுத்து 1992இல் வந்த படம். அந்தோனியோ லோபஸ் என்ற ஓவியர் தன் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஒரு சீமை மாதுளை மரத்தை வரைய முயல்கிறார். பாதம் தினமும் ஒரே இடத்தில் நிற்பதற்காகத் தரையில் ஆணி அடிக்கிறார். நூல் கட்டிக் குண்டு தொங்கவிடுகிறார். இலையிலும் பழத்திலும் வெள்ளைச் சாயத்தால் குறி வைக்கிறார். பழம் கனக்கக் கனக்கக் கிளை தாழ்கிறது. நேற்று வைத்த குறி இன்று கீழே இறங்கிவிடுகிறது. மழை வருகிறது, அவருக்கு வேண்டிய வெயில் வருவதில்லை. ஓவியத்தைப் பாதியில் கைவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். அதுவும் முடிவதில்லை. பழங்கள் விழுந்து அழுகுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் ஓர் ஓவியம்கூட முடியவில்லை. வேலை என்றால் என்ன என்று அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது நம் மாவட்டத்துக் கதை. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் பெற்ற படம். மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவதாக வாக்குக் கொடுக்கிறான் நெசவாளி வேங்கடம். அவன் கையில் தொழில் இருக்கிறது, பட்டு இல்லை. பட்டு முதலாளியுடையது. இழையைச் சுருட்டி வாயில் அடக்கித் திருடி வந்து, வீட்டில் ஒளித்து நெய்கிறான். நூல் யாருடையது என்ற கேள்வியை அந்தப் படம் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. முடிவில் அந்தப் புடவை பாதியில் நிற்கிறது. மகளின் உடலை மூடக்கூட அதன் நீளம் போதவில்லை.

ஆன நேரத்தை மறைக்காதே. தவறிப்போனதை வெட்டாதே. நூல் யாருடையது என்று காட்டு. இப்படிப் பேசித்தான் கைத்தட்டல் வாங்கினேன். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு ஐயங்கார்குளத்துக்குப் போனேன்.

அந்த அண்ணன் கோர்வைப் புடவை நெய்பவர். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். ஒரு நாடா போதாது, மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இது நடக்க வேண்டும். ஓரிடத்தில் கோக்காமல் விட்டால் அங்கே துணி வாய் பிளக்கும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கை அந்தப் பக்கத்துக் கரை வரை எட்டி இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவைப் போடுவார். முன்பெல்லாம் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். அந்த வீட்டில் அது அண்ணி. அவர் கை நின்றால் தறி நிற்கும்.

முதல் நாளே பொய்யைத் தொடங்கிவிட்டேன். ஊரில் சஞ்சீவிராயர் கோயிலுக்குப் பக்கத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜர் எழுந்தருளும் இடம். தரைக்குக் கீழே படி இறங்கி, தூண் மண்டபமும் அதன் நடுவே கிணறும். அந்தப் படியில் அண்ணனை நிற்க வைத்தேன். தண்ணீரைப் பார்த்து யோசிக்கச் சொன்னேன். அடுத்த புடவையின் வடிவம் அங்கே மனதில் உதிப்பது போல் வெட்டி ஒட்டினேன். அவர் நெய்யும் வடிவத்தை முதலாளி அட்டையாகக் கொடுத்தனுப்புகிறார். யோசிப்பதற்காக அவர் அந்தக் கிணற்றுக்குப் போனதே இல்லை. இது எனக்குத் தெரியும்.

இனி அந்த மாலை. ஜன்னல் வழியாக வெயில் சாய்வாகத் தறிமேல் விழுந்தது. ஜரிகை மின்னியது. இதற்காகத்தான் வந்தோம் என்று நினைத்தேன். அப்போது பாவில் ஓர் இழை அறுந்தது. அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“தம்பி, இழை போயிடுச்சு. கட்டிட்டு வந்துடறேன்.”

அறுந்த இழையைத் தேடி எடுக்க வேண்டும். துண்டு இழை சேர்த்து முடிச்சிட்டு, விழுதின் கண்ணில் நுழைத்து, பண்ணையின் பல்லில் இழுத்து, பழைய இழுவிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் வெயில் போய்விடும் என்று பயந்தேன்.

“அண்ணே, ஒரே நிமிஷம். அப்படியே நெய்யுங்க. அப்புறம் கட்டிக்கலாம்.”

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையை அசைத்து வேண்டாம் என்றார். அதையும் பார்த்தேன். மறுபடி கேட்டேன். வீட்டுக்கு வந்தவன் முகம் வாடக்கூடாது என்று அவர் நாடாவை எடுத்தார்.

அறுந்த இழை சும்மா கிடக்காது. பக்கத்து இழைகளில் சுற்றிக்கொள்ளும். அவை பிரியாமல் நிற்கும், நாடா அவற்றுக்குள் போகாமல் மேலே தாண்டிப் போகும். அப்படித்தான் ஆனது. நான் போதும் என்று சொன்னபோது ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் போல் ஒரு கோடு விழுந்திருந்தது. அதன் நடுவில் கட்டாத ஊடைகள் மேலே மிதந்தன. பிரித்து மறுபடி நெய்யலாமே என்று கேட்டேன். அந்த இடத்தில் ஜரிகைப் புட்டா ஓடியது. ஜரிகை ஊடையைப் பிரித்தால் அது சுருங்கும், உரியும். இரண்டு கரையிலும் கோர்வையை அவிழ்க்க வேண்டும். அண்ணன் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இழையைக் கட்ட உட்கார்ந்தார்.

அந்தக் கட்டும் வேலையையும் நான் படம் பிடித்திருந்தேன். நெடுநேரம் ஓடும் காட்சி. விளக்கொளியில் இரண்டு தலைகள் குனிந்திருக்கின்றன. அண்ணி இழையை நீட்டுகிறார், அண்ணன் நுழைக்கிறார், தவறுகிறது, மறுபடி நுழைக்கிறார். நான் எடுத்ததிலேயே உண்மையான காட்சி அதுதான். படத்தொகுப்பில் அதை வெட்டினேன். வேகம் குறைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அந்தக் காட்சி இருந்தால் கோடு ஏன் விழுந்தது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் நான்.

அண்ணியின் கையையும் வெட்டினேன். தனியாக ஒரு மேதை உட்கார்ந்து படைப்பது போன்ற சட்டகம் எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் கை வந்து வந்து போவது அதைக் கெடுத்தது. நெருக்கமான காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஒரு முழுப் புடவை மூன்று நிமிட இசையில் முடிந்தது. எத்தனை நாள் ஆனது என்று படத்தில் எங்கும் இல்லை.

காஞ்சிபுரத்தில் திரையிட்டோம். பாராட்டினார்கள். இந்தப் புடவையை ஒருவரே நெய்தாரா என்று பார்வையாளர் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். மேடையில் நின்று சொன்னேன். அதுதான் என் பொய்களில் மிகக் கேவலமானது.

பிறகு ஊரிலும் திரையிட்டோம். படம் முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா அண்ணியிடம் கேட்டார்:

“அன்னிக்கி நீ ஊர்ல இல்லையா?”

அண்ணி பதில் சொல்லவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் புடவையின் ஒவ்வொரு ஊடையிலும் அவர் கை பட்டிருக்கிறது. அவருடைய ஊரிலேயே, அவர் கண்முன்னே, அது இல்லை என்று ஆக்கினேன்.

கூலி விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. புடவையை எடுத்த இடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்து டேமேஜ் என்று எழுதிக் கூலியில் பிடித்துவிட்டார்கள். இருவர் உழைத்த கூலி அது. அண்ணன் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டபோது, “நம்ம தப்புதான் தம்பி, நிறுத்தியிருக்கணும்” என்றார். அது அவருடைய தப்பு அல்ல.

பிடித்த தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் வாங்க மறுத்தார். அண்ணி வாங்கிக்கொண்டார். அதுதான் சரி. மன்னிப்பும் கேட்டேன். “கை எங்கே போச்சுன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் அண்ணி. வேறு எதுவும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

படத்தை மறுபடி தொகுத்திருக்கிறேன். கிணற்றுக் காட்சி இல்லை. இழை கட்டும் காட்சி முழுவதும் இருக்கிறது. என் குரல் “ஒரே நிமிஷம்” என்று கேட்பதும், அண்ணி தலையசைப்பதும் இருக்கின்றன. இந்தப் படம் நீளம், மெதுவானது. பழையதைப் பாராட்டியவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை நம்பாதீர்கள். அந்தப் புடவையை நெய்தவர்கள் இரண்டு பேர். அதில் விழுந்த கோடு என்னால் விழுந்தது.