கையெழுத்துக்கு முன் கூட்டிப் பார்த்த கணக்கு



சென்ற ஆண்டு நாங்கள் பார்த்த வீட்டிற்கு மாத வாடகை 12,000 ரூபாய், முன்பணம் 60,000 ரூபாய், ஒப்பந்தக் காலம் 11 மாதங்கள். பள்ளிவாசல் நடை தூரத்தில் இருந்ததால் மனம் நிறைந்துபோயிற்று. தரகர் முத்திரைத்தாளை நீட்டினார். வாப்பாதான், “இரண்டு நாள் கொடுங்கள், வாசித்துவிட்டுத் தருகிறோம்” என்றார்.

வீட்டில் அமர்ந்து வாசித்தபோது மூன்று விதிகள் உறுத்தின. ஆறு மாத ‘லாக்-இன்’ காலத்திற்குள் காலி செய்தால் எஞ்சிய மாதங்களின் வாடகையைத் தர வேண்டும். அக்காலம் முடிந்த பிறகே இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுக்காமல் போனால் அந்த இரண்டு மாத வாடகையும் சேரும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, மீதி முன்பணத்தை அடுத்த வாடகைதாரர் வந்த பின்னரே தருவார்கள்.

தனித்தனியே பார்த்தால் இவை வழக்கமானவைதாம். ஆனால் எங்கள் அண்ணன் வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்தார். நான்காம் மாத முடிவில் குடும்பத்தோடு புறப்பட நேர்ந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டோம். லாக்-இன் பாக்கி 24,000, நோட்டீசுக்கு 24,000, வெள்ளையடிக்க 12,000. கூட்டினால் 60,000, முன்பணம் முழுவதும் போய்விடும்.

உரிமையாளரிடம் இக்கணக்கைக் காட்டினோம். “பாய், ஆறு மாதத்திற்குள் போனால் எனக்கும் நட்டந்தானே?” என்றார். அது நியாயமே, லாக்-இன் காலத்தை ஏற்றோம். அதற்குள்ளேயே நோட்டீஸ் கொடுக்கலாம், இரண்டு காலமும் சேர்ந்தே கழியும் என்று திருத்தினார். இதன்படி நான்காம் மாத முடிவில் நோட்டீஸ் கொடுத்தால் இழப்பு, ஆறாம் மாதம் வரையிலான வாடகை 24,000 மட்டுமே. வெள்ளையடிக்கும் செலவை ரசீதுப்படி கழிக்கவும், மீதியை ஒரு மாதத்திற்குள் தரவும் இசைந்தார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் முன்பணத்தைத் திருப்பித் தர அந்த ஒரு மாதத்தையே சொல்கிறது. திருத்தங்கள் யாவும் தாளிலேயே ஏறின. வாய்ச்சொல்லாக எதையும் விடவில்லை.

அவரும் ஒன்று கேட்டார்: “கடைசி மாதங்களின் வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லக் கூடாது.” பலர் அப்படிச் செய்கின்றனர், உரிமையாளர் இசையாதபோது அது ஒப்பந்த மீறலே. அதையும் எழுதிக்கொண்டோம்.

விசா ஏழாம் மாத முடிவில் வந்தது. நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாத வாடகையையும் உரிய நாளில் செலுத்தி, ஒன்பதாம் மாத முடிவில் சாவியை ஒப்படைத்தோம். வெள்ளையடித்த ரசீது 7,400 ரூபாய். மூன்றாம் வாரத்தில் 52,600 ரூபாய் கைக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

முன்பணம் என்பது பிறர் கையில் இருக்கும் நம் பணம். தவணையுள்ள கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏன் பணிக்கிறது என்பது அன்று விளங்கிற்று. விடைபெறும்போது உரிமையாளருக்கும் எங்களுக்கும் இடையே ஒரு மனத்தாங்கலும் இல்லை.