முகூர்த்தத்தின் நடுவே திணறாத டிரைவ்

மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம், மாடியறை ஒன்றில் நடக்கும் கல்யாண வீடியோ ஸ்டூடியோ அது. நான் போனபோது எடிட்டர், புது எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியில 1000 எம்பின்னு போட்டிருப்பான் தம்பி. அது எத்தனை நேரம் தாங்குதுன்னுதான் பாக்கணும்."

கம்ப்யூட்டரின் உள் எஸ்.எஸ்.டி.யிலிருந்து 200 ஜிபி பழைய ஃபுட்டேஜை ஒரே மூச்சில் அதில் ஏற்றினார். ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏற்றினால் அதன் வேகம்தான் தெரியுமாம். முதலில் நொடிக்கு 900 எம்பிக்கு மேல் ஓடியது. 40 ஜிபி தாண்டியதும் கோடு சட்டென்று சரிந்து 150க்கு வந்து அங்கேயே நின்றது. விலை மலிவான டிரைவ்கள் பலவற்றில், வேகமாக எழுதும் பகுதி கொஞ்சம்தான். அது நிரம்பிவிட்டால் நிஜ வேகம் வெளியே வந்துவிடும்.

ஐபோன் ப்ரோவில் நேரே டிரைவிலேயே பதிவாகும்படி 4கே, 30 ஃப்ரேம் ப்ரோரெஸ் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஜிபி, அதாவது நொடிக்கு 100 எம்பி. 60 ஃப்ரேம் என்றால் இரட்டிப்பு. அதனால்தான் நொடிக்கு 220 எம்பியாவது எழுதும் டிரைவ் வேண்டும் என்கிறது ஆப்பிள். 40 ஜிபி என்பது 60 ஃப்ரேமில் மூன்றரை நிமிடத்துக்குக்கூட வராது. அதற்குப் பிறகு 150க்கு இறங்கும் டிரைவ், தாலி கட்டும் நேரத்தில் திணறும். "இது பேக்கப்புக்கு ஆகும், ஷூட்டிங்குக்கு ஆகாது" என்று தனியே எடுத்து வைத்தார். முடிந்துபோன கல்யாணங்களைப் போட்டுவைக்க அவரிடம் சாதாரண ஹார்ட் டிஸ்குகளே இருக்கின்றன. அதற்கு அவை போதும்.

கேபிளையும் அவர் விடுவதில்லை. ஐபோன் 15 ப்ரோவோடு வந்த வெள்ளைக் கேபிள் யுஎஸ்பி 2 வகை. நொடிக்கு 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 எம்பிதான். எத்தனை நல்ல டிரைவாக இருந்தாலும் அந்தக் கேபிளில் மாட்டினால் வீண். 10 ஜிகாபிட் என்று குறித்த கேபிள்களுக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்.

பக்கத்து மேசையில் உதவியாளர் போனிலேயே ஹைலைட்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். 20 ஜிபி கிளிப் போனில் இருக்கிறது. எடிட்டிங் ஆப் பெரும்பாலும் அதைத் தனக்கென்று இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளும், ஆக 40. பிரிவியூவுக்காகச் சேரும் கேஷ், கடைசியில் எக்ஸ்போர்ட் ஃபைல் எல்லாம் அதற்கு மேல். போன் நிரம்பியிருந்தால் எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில்கூட நின்றுவிடும். பதறிப்போய் கிளிப்பை அழித்தாலும் இடம் உடனே கிடைக்காது. அழித்தது 30 நாள் வரை போட்டோஸ் ஆப்பிலேயே ஒரு தனி ஆல்பத்தில் கிடக்கும், அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

இதற்காக உதவியாளர் லூமாஃபியூஷனுக்கு மாறியிருக்கிறார். அதில் டிரைவில் இருக்கும் கிளிப்பை உள்ளே இழுக்காமல், இருந்த இடத்திலிருந்தே வெட்டலாம். வேலை முடியும்வரை கேபிளை மட்டும் உருவக் கூடாது.